முதுசமும் தகப்பன் கடனும்: யாழ்ப்பாணத்தில் மகனின் பொறுப்பு எதுவரை?

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், இந்த மண்ணின் வழக்கங்களைத் திரட்டி எழுதிய தொகுப்பு 1707-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே அது நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. அதைத்தான் நாம் தேசவழமை என்கிறோம். அதன் முதற்பகுதி சீதனம், முதுசம், தேடியதேட்டம் ஆகியவற்றை விரித்துச் சொல்லும். அவற்றுக்கு நடுவில் கடினமான ஒரு விதி இருக்கிறது. இறந்துபோன பெற்றோரின் கடனை ஆண்மக்கள் அடைக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் கையில் வழி இல்லாவிட்டாலும் பொறுப்பு நீங்காது. வசதி வரும்போது பதில் சொல்லியே ஆக வேண்டும். கடன் எதற்காக வாங்கப்பட்டது, பெற்றோர் எவ்வளவு சொத்து விட்டுப்போனார்கள் என்ற கேள்விகளை அந்த விதி எழுப்புவதில்லை.

இதைப் படிக்கும் இந்தியச் சட்ட வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது மிதாட்சர இந்துச் சட்டத்தின் ‘புனிதக் கடமை’. தந்தை கடனோடு இறந்தால் அவருக்கு மறுமையில் நற்கதி இல்லை, அவரை அதிலிருந்து மீட்பது மகனின் அறக்கடன் என்ற ஸ்மிருதிக் கருத்திலிருந்து பிறந்த கோட்பாடு அது. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாண வழக்கத்தையும் அதே பெயரால் அழைப்பவர்கள் உண்டு. அது பிழை என்பது என் கருத்து. அந்தப் பிழைக்குப் பல குடும்பங்கள் இன்றும் விலை கொடுக்கின்றன என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் மிதாட்சர முறையைப் பார்ப்போம். அங்கே மகன் பிறந்த கணத்திலேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி ஆகிவிடுகிறான். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பங்கு அவனுடையது. இதனால் தகப்பனுக்குக் கடன் கொடுத்தவர் இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்: தகப்பன் இறந்துவிட்டால், எஞ்சியவர்களின் பங்கோடு தகப்பனின் பங்கும் கலந்துவிடும், கடன்காரர் கைப்பற்ற எதுவும் மிஞ்சாது. அந்த இக்கட்டை அவிழ்த்தது புனிதக் கடமைதான். தகப்பன் கடனை அடைப்பது மகனின் கடமை என்பதால், பிறப்பால் வந்த அவனுடைய பங்கையும் கடன்காரர் தொடலாம் என்று இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சில் 1874-இல் கிர்தாரி லால் வழக்கில் சொன்னது. 1924-இல் பிரிஜ் நாராயண் வழக்கில் அதே மன்றம் இதன் எல்லைகளை ஒழுங்குபடுத்தியது. சூது, குடி போன்ற ஒழுக்கக்கேடான செலவுக்காகப் பட்ட கடன் மகனைக் கட்டாது. அத்தகைய கறை இல்லாத கடன் கட்டும். ஆனால் கூட்டுக்குடும்பச் சொத்தில் அவனுக்குள்ள பங்கின் அளவுக்கு மட்டுமே. மகன் தன் உழைப்பால் தேடியதைத் தொட முடியாது. பழைய ஸ்மிருதிகள் மகன் வட்டியோடு அடைக்க வேண்டும், பேரன் முதலை மட்டும் அடைத்தால் போதும் என்றெல்லாம் தலைமுறைக்கொரு அளவு வைத்திருந்தன. பம்பாய் மாகாணத்தில் அந்தப் பொறுப்பு மகனின் சொந்தச் சொத்தையும் சுற்றி வளைத்தபோது, 1866-இல் தனிச் சட்டம் போட்டு, வந்த சொத்தின் அளவோடு அதை நிறுத்தினார்கள். கடைசியில் 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கப்படும் கடன்களுக்குப் புனிதக் கடமையைக் காரணம் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று கோட்பாட்டையே மூடிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இந்த அடித்தளமே கிடையாது. தேசவழமையில் மகனுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை ஆண்மக்கள் எதையும் கோர முடியாது. அதற்கும் மேலே, திருமணத்துக்கு முன் உழைத்துத் தேடியதையெல்லாம் அவர்கள் பெற்றோரின் பொதுச் சொத்தில் சேர்க்க வேண்டும். தாங்கள் அணிந்திருந்த பொன் வெள்ளி நகைகள் மட்டுமே விதிவிலக்கு. பெற்றோர் இறந்த பிறகுதான் மிஞ்சியது முதுசமாக அவர்களிடம் வருகிறது. பெண்மக்கள் நிலை வேறு. சீதனத்தோடு அவர்கள் பெற்றோரின் சொத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பிறகு அதில் பங்கு கேட்க முடியாது.

கடன் விதியை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் காரணம் துலங்கும். ஆதியில் தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு என்றுதான் இருந்தது. ஆட்சிகள் மாறியபோது, குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், அந்தப் பிரிவினை குலைந்து, தகப்பன் சொத்து, தாய் சொத்து, தேடியதேட்டம் என்ற பேதமில்லாமல் எதிலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது என்று தொகுப்பே சொல்கிறது. அப்படியானால் குடும்பச் சொத்து கரைவதற்கும் கடன் ஏறுவதற்கும் பெரிய வாய்க்கால் எது என்று ஊகிப்பது கடினமல்ல. பெண்பிள்ளைகள் தங்கள் பங்கை முன்கூட்டியே, கடன்காரர் வருவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆண்பிள்ளைகள் கடைசிவரை வீட்டோடு நின்று, உழைப்பைப் பொதுவில் போட்டு, மிஞ்சியதை எடுக்கிறார்கள். மிஞ்சியது வரவாகவும் இருக்கலாம், செலவாகவும் இருக்கலாம். இரண்டையும் ஏற்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கணக்குத்தான் மகனின் கடன் பொறுப்பு. தகப்பனின் ஆத்துமா கரையேறுவதைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு கொடுத்தபோது, அது யாழ்ப்பாண மாகாணத்தின் ‘மலபார் குடிகளுக்கு’, அதாவது தமிழ்க் குடிகளுக்கு உரியது என்றார்கள். இந்துக்களுக்கு என்று சொல்லவில்லை. கத்தோலிக்கரும் பின்னர் புரட்டஸ்தாந்தரும் அதே சட்டத்தின் கீழேயே சொத்துப் பிரித்தார்கள். பிண்டமும் அந்தியேட்டியும் இல்லாத வீட்டிலும் அதே கடன் விதி பொருந்தியது. சமயக் கடமையாக இருந்தால் அப்படிப் பொருந்தியிருக்க முடியாது.

அந்த ஒழுங்குவிதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்க் குடிகள் இருவருக்கிடையிலான வழக்கு மட்டுமல்ல, பிரதிவாதி தமிழ்க் குடியாக இருந்தாலே தேசவழமைப்படி தீர்க்க வேண்டும் என்பது அது. கடன் வழக்கில் பிரதிவாதி என்றால் பெரும்பாலும் கடன்பட்டவர்தான். ஆகவே வெளியிலிருந்து வந்து கடன் கொடுத்தவருக்கும் இந்த வழக்கமே கிடைத்தது. எழுதப்பட்ட விதியை அப்படியே நிறைவேற்றியிருந்தால் வட்டிக்குக் கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்த விதி தன் முழுக் கடுமையோடு நிலைக்கவில்லை. அதன் தூண்களை ஒவ்வொன்றாக வேறு சட்டங்கள் எடுத்துவிட்டன. 1844-ஆம் ஆண்டின் 21-ஆம் கட்டளைச்சட்டம் எவரும் தம் சொத்தை மரணசாதனத்தால் விரும்பியபடி கொடுக்கலாம் என்றது. மகனுக்கு வரும் என்று உறுதியில்லாத சொத்துக்காக மகன் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவதன் நியாயம் அங்கேயே ஆட்டம் கண்டது. 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச்சட்டம், எப்போது வசதி வந்தாலும் அடைக்க வேண்டும் என்ற கூற்றின் முதுகெலும்பை முறித்தது. ஈட்டுக் கடனுக்கு 10 ஆண்டு, எழுதிக்கொடுத்த கடனுக்கு 6 ஆண்டு, எழுத்தில்லாத கைமாற்றுக்கு 3 ஆண்டு. அதற்குப் பின் வழக்கு நில்லாது. வட்டி எவ்வளவு ஏறினாலும் முதலுக்கு மேல் அறவிட முடியாது என்று 1852-ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. பிறகு, 1911-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுரிமைக் கட்டளைச்சட்டம் வாரிசு முறையையே திருத்தி எழுதியது. அதன்படி முதுசம் ஆண், பெண் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளிடம் இறங்குகிறது. சீதனம் பெறாத மகளும் அதில் பங்காளி. பங்கு வரும்போது அந்தப் பங்கின் மேலுள்ள கடனும் சேர்ந்தே வரும். ‘மகனின் பொறுப்பு’ என்று இருந்தது இப்படித்தான் ‘வாரிசின் பொறுப்பு’ ஆனது.

இன்று நீதிமன்றத்தில் எல்லையைத் தீர்மானிப்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 341-ஆம் பிரிவு. கடன்பட்டவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, அது நிறைவேறுமுன் அவர் இறந்தால், அவருடைய சட்டப் பிரதிநிதிமேல் அதை நிறைவேற்றலாம். ஆனால் இறந்தவரின் சொத்து எவ்வளவு அந்தப் பிரதிநிதியின் கைக்கு வந்து, முறையாகச் செலவழிக்கப்படாமல் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும். சட்டப் பிரதிநிதி என்பவர் மரணசாதனத்தை நிறைவேற்றுபவராகவோ நீதிமன்றம் நியமித்த நிர்வாகியாகவோ இருப்பார். சட்டம் குறித்த தொகைக்குக் குறைந்த சிறு சொத்தானால், முதுரிமையை ஏற்றுக்கொண்ட நெருங்கிய உறவினரே பிரதிநிதி.

சட்டத்தை இப்படிச் சொன்னால் எளிதாகத்தான் தெரியும். கணக்கில் இறங்கும்போதுதான் அதன் வேலை புரியும். வடமராட்சியில் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் முன்பே இறந்துவிட்டார், தேடியதேட்டம் எதுவும் இல்லை; முதுசத்தை மட்டும் பார்ப்போம். தகப்பனிடம் 24 பரப்புத் தோட்டக்காணி இருந்தது. மகளின் திருமணத்துக்கு 10 பரப்பைச் சீதன உறுதி முடித்துக் கொடுத்தார். எஞ்சிய 14 பரப்போடு இறந்தார். பரப்பு 3 இலட்சம் ரூபாய் என்று வைத்தால் 42 இலட்சம். மூத்த மகன் கனடாவில், இளையவர் ஊரில். கடன் 50 இலட்சம்: அதில் 20 இலட்சம் 8 பரப்பை ஈடு வைத்து வாங்கியது, 30 இலட்சம் பிராமிசரி நோட்டில் வாங்கியது.

ஈட்டுக்காரருக்கு மகன் யார், அவர் பொறுப்பு எதுவரை என்ற கேள்வியே எழாது. ஈட்டுப் பாரம் காணியோடு ஒட்டியது; காணி எவர் கைக்குப் போனாலும் கூடவே போகும். 8 பரப்பை விற்றால் 24 இலட்சம், அதில் 20 இலட்சம் அவருக்கு. மிச்சம் 4 இலட்சமும், ஈடு வைக்காத 6 பரப்பின் 18 இலட்சமுமாக 22 இலட்சம் நோட்டுக்காரருக்குக் கிடைக்கும். இறுதிச்சடங்கு, வழக்குச் செலவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. நோட்டுக்காரருக்குக் குறைவது 8 இலட்சம். 1707-இன் வாசகப்படி அந்த 8 இலட்சம் இரு மகன்மாரின் தலையிலும் தொங்கிக்கொண்டே இருக்கும். கனடாக்காரரின் சம்பளத்திலிருந்து கூடக் கேட்கலாம். இன்றைய சட்டப்படி அது அங்கேயே முடிந்தது. மகன்மார் தங்கள் சொந்தக் காசில் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒரு மாற்றம் செய்வோம். நோட்டுக்காரர் நீதிமன்றம் போவதற்கு முன்பே, மூத்தவர் அனுப்பிய அற்றோணித் தத்துவத்தின் பேரில் ஈடு இல்லாத 6 பரப்பில் 3 பரப்பு 9 இலட்சத்துக்கு அறுதியாக விற்கப்பட்டுவிட்டது. தகப்பன் இறந்த கணமே காணியின் உரித்து வாரிசுகளுக்கு இறங்கிவிடும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 1907-இல் சில்வா எதிர் சில்வா வழக்கில் தீர்த்தது. ஆகவே விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்த உரித்து, கடன் அடைப்பதற்காகச் சொத்தை விற்கும் நிர்வாகியின் அதிகாரத்துக்கு உட்பட்டே இறங்குகிறது என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியது. பலர் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 9 இலட்சம் தகப்பனின் வேறு உண்மையான கடனுக்குப் போயிருந்தால் அது முறையான செலவு. மகனின் வீடு கட்டப் போயிருந்தால், அந்த 9 இலட்சத்துக்கு அவர் தன் கைக்காசில் பதில் சொல்ல வேண்டி வரும். எல்லை ‘கைக்கு வந்த சொத்து’ என்பதால், கைக்கு வந்து கரைந்ததும் கணக்கில் சேரும். காணியை வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. பிள்ளைகள் யாரும் நிர்வாகம் எடுக்காமல் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவரே நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் கேட்கலாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகளுக்குப் போன 10 பரப்பு? தகப்பனின் மரணத்தின்போது அது அவருடைய சொத்தல்ல. ஆகவே வாரிசுகள் வழியாக அதைத் தொட முடியாது. கடன்காரருக்கு எஞ்சியிருப்பது ரோமன்-டச்சுச் சட்டம் தரும் பவுலியன் வழக்கு மட்டுமே. அந்த உறுதியால்தான் தகப்பன் கடன் அடைக்க முடியாத நிலைக்குப் போனார், கடன்காரரை ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். வெறும் நன்கொடையானால் வாங்கியவருக்கு அந்த நோக்கம் தெரிந்திருந்ததா என்பது தேவையில்லை. பதிலுக்கு ஏதாவது பெற்று எழுதியதானால் வாங்கியவரும் உடந்தை என்று நிறுவ வேண்டும். கடனுக்குப் பல ஆண்டுகள் முன்பு, கையில் வேறு சொத்து தாராளமாக இருந்தபோது எழுதிய சீதன உறுதியை அசைப்பது மிகக் கடினம். கடன்காரர் நெருக்கும் வாரத்தில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகனுக்கு எழுதிய நன்கொடை உறுதியின் கதி வேறு. ஆகவே எந்தக் குடும்பத்திலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு தேதிகள்: நோட்டின் தேதி, உறுதியின் தேதி.

நியாயம் என்ற அளவிலும் இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய வழக்கத்தில் மகள் சீதனத்தோடு விலகியதும் மகன் கடனோடு தங்கியதும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். சட்டம் மகனைத் தன் சொந்தக் காசிலிருந்து விடுவித்துவிட்டது. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் வழக்கம் அவரை விடுவிக்கவில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவரிடம் எட்டாம் நாள் முடியுமுன்னமே கடன்காரர் வந்து நிற்பதும், ‘அப்பாவின் பேரைக் காப்பாற்றுங்கோ’ என்று உறவுகள் சொல்வதும் இங்கே புதுமையல்ல. அந்த வார்த்தைக்கு எதிரே நிற்கும் 25 வயதுப் பையனுக்கு 341-ஆம் பிரிவைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த நேரத்தில்தான் உண்மையான தவறு நடக்கிறது. கடன்காரர் பழைய நோட்டைத் திருப்பிக் கொடுத்து, அதே தொகைக்கும் ஏறிய வட்டிக்குமாக மகனின் பெயரில் புது நோட்டு எழுதி வாங்குகிறார். மகன் தகப்பனின் கடனை ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துக் கையெழுத்து வைக்கிறான். சட்டத்தின் கண்ணில் அந்தக் கணத்தில் அது தகப்பன் கடனல்ல, அவனுடைய சொந்தக் கடன். முதுசத்தின் அளவு என்ற எல்லை மறைந்துவிடுகிறது. 6 ஆண்டு நெருங்கி வழக்கு நில்லாத நிலைக்கு வந்த கடன் புதிதாகப் பிறக்கிறது. வட்டியையும் முதலாக்கி எழுதிவிட்டால், வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்ற பாதுகாப்பும் அடிபட்டுப் போகிறது. தகப்பன் உயிரோடு இருந்தபோது மகன் பிணை நின்று ஒப்பமிட்டிருந்தாலும் இதே நிலைதான். அது அவனுடைய சொந்த ஒப்பந்தம், முதுசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புது நோட்டு ஏற்கெனவே எழுதியாகிவிட்டால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பிராமிசரி நோட்டில், உண்மையில் கைமாறிய முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்பன தெளிவாக எழுதப்பட வேண்டும் என்கிறது 1918-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டம். மகனுக்குப் பணமே கொடுக்காமல், பழைய வட்டியையும் சேர்த்து முதல் என்று காட்டிய நோட்டில் அந்த விவரங்கள் பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். வழக்கறிஞரிடம் போகும்போது பழைய நோட்டின் படியையும் கொண்டுபோக வேண்டும். அது திரும்பக் கொடுக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவுக்கு இருந்தது என்று தெரிந்த சாட்சியை. புது நோட்டு இன்னும் எழுதாத வீட்டிலானால் செய்ய வேண்டியது இன்னும் எளிது: காணிகளின் உறுதிகளைத் திரட்டி, காணிப் பதிவகத்தில் ஈடு ஏதும் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, கடன்காரர் காட்டும் ஒவ்வொரு தாளின் தேதியையும் குறித்துக்கொண்டு, மரணசாதன வழக்கில் நிர்வாகம் எடுக்கும்வரை எதிலும் கையெழுத்து வைக்காமல் இருப்பது. தகப்பனின் பெயருக்காகத் தன் சம்பளத்திலிருந்து மிச்சக் கடனையும் அடைக்க ஒரு மகன் முடிவு செய்தால், அதை ரொக்கமாகக் கொடுத்து, தகப்பனின் கணக்கில் பெற்றதாகப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம்; அதற்காகத் தன் பெயரில் நோட்டு எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.